இன்டர்வியூவுக்கு வந்துபோகும் செலவு... கேட்டால் வேலை போய்விடுமா?

திருநெல்வேலியில் இருக்கும் பையனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து போன் வருகிறது. ``வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேர்ல வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு வாங்க'' என்கிறார் பேசுபவர். பையன், ``சரிங்க சார்'' என்று சொல்லி வைத்துவிடுகிறான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா கையிலிருந்து மூவாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுக்கிறார். இன்டர்வியூ முடிந்து திரும்பும்போதுதான், அதே அறையில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரப் பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவைக் கம்பெனியே கொடுத்தது தெரியவருகிறது. அந்தப் பெண் முன்கூட்டியே கேட்டிருந்தாள். பையன் கேட்கவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு வெளியூரிலிருந்து வரும் பல பிள்ளைகளின் கதை இதுதான். ``இதைப் போய்க் கேட்டா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?'' என்ற தயக்கத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். வேலை தேடும் ஒரு வருடத்தில் ஐந்தாறு முறை சென்னைக்கு வந்துபோனால், அது குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவையும் தாண்டிவிடும்.

கேட்கலாமா, எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்ட பிறகு பணத்தை எப்படி வாங்குவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். நம் நாட்டில், இன்டர்வியூவுக்கு அழைக்கும் தனியார் கம்பெனி பயணச் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் விருப்பம். அதனால்தான் இங்கே கேட்பது முக்கியமாகிறது.

ஜெர்மனியில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு கம்பெனி ஒருவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால், நியாயமான பயணச் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது பொருந்தும். அந்த நாட்டு சிவில் சட்டத்தின் 670-வது பிரிவை வைத்து இப்படி நடைமுறை வகுத்திருக்கிறார்கள். செலவைத் தர விருப்பமில்லை என்றால், அழைக்கும்போதே கம்பெனி அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதாவது, அங்கே வாய் திறக்க வேண்டியது கம்பெனி. இங்கே வாய் திறக்க வேண்டியது நாம்.

அரசு வேலைகளில் இந்தச் சங்கடம் குறைவு. தரும் தராத விவரம் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும். யு.பி.எஸ்.சி நேர்முகத் தேர்வுக்கு டெல்லிக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு, விதிகளின்படி ரயில் கட்டணம் திருப்பித் தரப்படுகிறது. அதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் இருக்கிறது. கொரோனா நேரத்தில், 2020 ஜூலையில், ரயில்கள் சரியாக ஓடாததால் விமானக் கட்டணத்தையே தருவதாக யு.பி.எஸ்.சி அறிவித்தது. மாறாக, ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற டி.ஆர்.டி.ஓ ஆய்வகங்கள் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ பணிக்கு ஆள் எடுக்கும்போது, `பயணப்படி, தினப்படி வழங்கப்பட மாட்டாது' என்ற வரி பெரும்பாலும் அறிவிப்பிலேயே இருக்கும். அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தனியார் கம்பெனியின் அழைப்பில் இந்த வரி இருக்காது. சம்பளம், இடம், நேரம், கொண்டுவர வேண்டிய காகிதங்கள் எல்லாம் இருக்கும். பயணச் செலவு பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்காக `கிடையாது' என்று அர்த்தம் இல்லை. சில கம்பெனிகளில் அதற்கென விதி இருக்கும். கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல்வார்கள்.

பேசுவது கன்சல்டன்சியா, கம்பெனியா?

போன் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயங்கும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளில் பல, ஆள் தேடும் வேலையைக் கன்சல்டன்சியிடம் விட்டிருக்கும். கன்சல்டன்சிக்குக் கம்பெனி பணம் கொடுப்பது, பெரும்பாலும் அவர்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான். எனவே, அழைத்த ஆள் எப்படியாவது இன்டர்வியூவுக்கு வந்து சேர வேண்டும் என்பதில் கன்சல்டன்சிக்காரருக்கு அக்கறை அதிகம். ``டிராவல் எல்லாம் குடுப்பாங்க, நீங்க வாங்க'' என்று அவர் சொல்வதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால், பணம் கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

அதனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ``குடுப்பாங்களா?'' என்பது மட்டுமில்லை. ``கம்பெனி ஹெச்.ஆர்-கிட்ட கேட்டு, அவங்க மெயில்ல இதை உறுதி பண்ணச் சொல்ல முடியுமா?'' என்பதுதான். கன்சல்டன்சி அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டி கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பணம் வாங்க முடியாது. கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்த ஒரு வரி பதில் இருந்தால் வாங்க முடியும்.

எப்போது கேட்பது?

நேர்முகத் தேர்வு தேதி உறுதியான பிறகு, டிக்கெட் எடுப்பதற்கு முன்பு. இந்த இடைவெளிதான் சரியான நேரம். முதல் போனிலேயே கேட்டால், இன்னும் ஆளையே முடிவு செய்யாத நிலையில் எதிரில் இருப்பவருக்கும் பதில் தெரியாது. இன்டர்வியூ அறைக்குள் கேட்டால், எதிரில் இருப்பவர் தொழில்நுட்ப மேலாளராக இருப்பார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டால், ``முன்னாடியே சொல்லியிருக்கலாமே'' என்ற பதில்தான் வரும்.

போனில் இப்படிக் கேட்கலாம்: ``சார், வியாழக்கிழமை கண்டிப்பா வர்றேன். திருநெல்வேலியில இருந்து வரணும். டிக்கெட் போடப் போறேன். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்குப் போக்குவரத்துச் செலவு தர்ற வழக்கம் இருக்கா சார்? இருந்தா எந்த கிளாஸ்ல வரலாம்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி புக் பண்ணிடுவேன்.''

இதில் வருவதற்கு நிபந்தனை எதுவும் இல்லை. `வருகிறேன்' என்பது முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு கேட்பது தகவல் மட்டும்தான். ஊர் ஊராக ஆள் எடுக்கும் ஹெச்.ஆர்-களுக்கு இது அன்றாடம் வரும் கேள்வி. ``இல்லைங்க, அப்படி ஒண்ணும் இல்ல'' என்றால், ``சரிங்க சார், பரவாயில்லை'' என்று முடித்துக்கொள்ளலாம். அதற்குமேல் பேச வேண்டாம்.

`இல்லை' என்று பதில் வந்தாலும் கேட்பதற்கு இன்னொன்று இருக்கிறது. ``முதல் ரவுண்டை வீடியோ கால்ல வச்சுக்கலாமா சார்?'' அல்லது, ``ரெண்டு ரவுண்டையும் ஒரே நாள்ல முடிக்க முடியுமா?'' பணம் தர மறுக்கும் கம்பெனிகூட இதற்குச் சம்மதிக்க வாய்ப்புண்டு. இரண்டு முறை வர வேண்டிய இடத்தில் ஒரே முறை வந்தால், பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

மெயிலில் கேட்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

`உண்டு' என்று போனில் சொல்லிவிட்டால், அன்றே ஒரு சின்ன மெயில் அனுப்ப வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, கம்பெனியின் வழக்கப்படி எழுதலாம். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

`மதிப்பிற்குரிய மேடம், இன்று தொலைபேசியில் பேசியபடி, வியாழக்கிழமை காலை 10.30 மணிக்கு அம்பத்தூர் அலுவலகத்தில் நடக்கும் நேர்முகத் தேர்வில் கலந்துகொள்கிறேன். வெளியூர்ப் பயணச் செலவு வழங்கப்படும் என்று தெரிவித்தீர்கள், நன்றி. கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்தால் அதன்படி டிக்கெட் எடுத்துக்கொள்வேன். 1. எந்த வகுப்பு ரயில் அல்லது பஸ், அதிகபட்சத் தொகை எவ்வளவு? 2. போக, வர இரண்டுக்கும் உண்டா? 3. ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் வரும் உள்ளூர்ச் செலவு சேருமா? 4. என்னென்ன பில்கள், யாரிடம், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? 5. தேர்வு முடிவைப் பொறுத்து இது மாறுமா?'

ஐந்தாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். `தேர்வாகி, வேலையில் சேர்ந்தால் மட்டும் முதல் சம்பளத்தோடு தருவோம்' என்று விதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அங்கே `டிராவல் உண்டு' என்று சொன்னதும் உண்மைதான், வேலை கிடைக்காதவருக்கு ஒரு பைசா வராது என்பதும் உண்மைதான். முன்பே தெரிந்தால் அதற்கேற்பச் செலவு செய்யலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

அந்தத் திருநெல்வேலிப் பையனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. கம்பெனியின் விதி இது என்று வைத்துக்கொள்வோம்: ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் போக, வர உண்டு. வேறு வண்டியில் வந்தாலும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கு மேல் கிடையாது. உள்ளூர்ப் பயணத்துக்கு மொத்தம் 300 ரூபாய் வரை. சாப்பாடு கிடையாது.

விதி என்னவென்று கேட்காத பையன் ஆம்னி பஸ்ஸில் 1,200 ரூபாய்க்கு டிக்கெட் போடுகிறான். தென்மாவட்டப் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் நிற்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் அந்தப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வந்த மாற்றம் இது. அங்கிருந்து அம்பத்தூர், பைபாஸ் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். புது ஊர், கையில் பைல், நேரமாகிவிடும் என்ற பயம். ஆப்பில் ஆட்டோ பிடிக்கிறான், 520 ரூபாய். திரும்பும்போது 15 ரூபாயில் லோக்கல் ரயில், பிறகு ஸ்லீப்பரில் 430 ரூபாய். சாப்பாட்டுக்கு 260. மொத்தம் 2,425 ரூபாய்.

கம்பெனி எவ்வளவு தரும்? போக 430, வர 430, உள்ளூர்ப் பயணத்துக்கு 535 செலவானாலும் 300 மட்டும். ஆக 1,160 ரூபாய். பையன் கையிலிருந்து போனது 1,265 ரூபாய்.

அதே பையன் முன்பே கேட்டிருந்தால்? நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் எடுத்து காலையில் எழும்பூரில் இறங்கியிருப்பான். அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்கி, எதிரே சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு நடந்துபோய் ஆவடி லோக்கல் பிடித்தால், தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே பட்டரவாக்கம் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பெனி வாசலுக்கு ஆட்டோ 100 ரூபாய். போக, வர உள்ளூர்ச் செலவு எப்படிப் பார்த்தாலும் 300-க்குள் அடங்கிவிடும். ரயிலும் உள்ளூரும் முழுசாகத் திரும்பி வரும். சாப்பாட்டுக்கான 260 மட்டும்தான் சொந்தச் செலவு.

கம்பெனியும் அதே, விதியும் அதே. ஒரே ஒரு கேள்வியால் ஏற்பட்ட வித்தியாசம் சுமார் ஆயிரம் ரூபாய்.

அவசர அழைப்பு என்றால் தட்கலில்தான் டிக்கெட் கிடைக்கும். தட்கலின் கூடுதல் கட்டணத்தைச் சில கம்பெனிகள் ஏற்கும், சில ஏற்காது. இதையும் அதே மெயிலில் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். டிக்கெட் போட்ட பிறகு கம்பெனியே தேதியை மாற்றினால், ரத்துக் கட்டணம் எவ்வளவு ஆனது என்று குறிப்பிட்டு உடனே மெயில் அனுப்ப வேண்டும். மாற்றியது அவர்கள் என்பதால், அதை ஏற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எந்தக் காகிதம் செல்லும்?

பணம் கிடைக்காமல் போவதற்கு அடுத்த காரணம், பில் சரியில்லாதது. ரயில் டிக்கெட்டுக்கு, போனில் வந்த எஸ்.எம்.எஸ் போதாது. ஐ.ஆர்.சி.டி.சி-யிலிருந்து பெயர், பி.என்.ஆர் எண், கட்டண விவரம் உள்ள முழு டிக்கெட்டை பி.டி.எஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்து ரத்தான இ-டிக்கெட்டுக்குப் பணம் நம் கணக்குக்கே திரும்பிவிடும் என்பதால், அதைக் காட்டிக் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக எந்த வண்டியில் வந்தோமோ அந்த டிக்கெட் வேண்டும்.

பஸ் டிக்கெட்டிலும் பயணியின் பெயர் இருக்க வேண்டும். மாமா தன் போனில் புக் செய்து கொடுத்தாலும் பரவாயில்லை, பயணியின் பெயராக இன்டர்வியூவுக்குப் போகிறவரின் பெயரைப் போட வேண்டும். ஆப் மூலம் பிடித்த ஆட்டோ, டாக்ஸிக்கு, பயணம் முடிந்ததும் ஆப்பிலேயே இன்வாய்ஸ் இருக்கும். பணம் போன ஜி-பே ஸ்கிரீன்ஷாட் பணம் கொடுத்ததற்கு மட்டும்தான் சாட்சி. எங்கிருந்து எங்கே போனோம் என்பது இன்வாய்ஸில்தான் இருக்கும். தெரு ஆட்டோவில் பில் கிடைக்காது. சில கம்பெனிகள் அதற்கு, `இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு இவ்வளவு' என்று நாமே எழுதிக் கையெழுத்திட்ட சீட்டை ஏற்றுக்கொள்ளும். ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளலாம்.

புறநகர் ரயில் டிக்கெட், டவுன் பஸ் டிக்கெட் எல்லாம் மெல்லிய தாளில் அச்சாவதால் சில வாரங்களில் எழுத்து மங்கிப்போகும். வாங்கிய உடனே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எப்படிக் கொடுப்பது?

இன்டர்வியூ அன்று உள்ளே போகும்போதே ரிசப்ஷனில் அல்லது ஹெச்.ஆர் உதவியாளரிடம், ``டிராவல் கிளெய்ம் ஃபார்ம் இருக்குங்களா?'' என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடியக் காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடலாம். பயணத் தேதி, எங்கிருந்து எங்கே, எந்த வண்டி, எவ்வளவு, மொத்தம், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி எண் ஆகியவைதான் அதில் இருக்கும். கூடவே ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்க நகல் கேட்பார்கள். கணக்கு, தேர்வுக்கு வந்தவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா கணக்கைக் கொடுத்தால் பெயர் பொருந்தவில்லை என்று அக்கவுன்ட்ஸில் நிறுத்திவைத்துவிடுவார்கள்.

திரும்பும் டிக்கெட்டில் இன்னும் பயணம் செய்திருக்க மாட்டோம். அதை அப்போதே ஏற்பார்களா, ஊருக்குப் போய் அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அசல் பில்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நிரப்பிய படிவத்தையும் சேர்த்துத்தான். ஊருக்குத் திரும்பியதும், `இன்று இத்தனை ரூபாய்க்கான படிவத்தை, இத்தனை பில்களோடு, இன்னாரிடம் கொடுத்தேன். நகல்கள் இணைப்பில்' என்று, பழைய மெயிலுக்கே பதிலாக ஒரு மெயில் போட்டுவிட வேண்டும். பிறகு ஏதாவது சிக்கல் வந்தால், அந்த ஒரே மெயில் வரிசையில் வாக்குறுதி, பில், கொடுத்த தேதி மூன்றும் இருக்கும்.

பணம் அடுத்த நாளே வராது. அதற்குக் காரணம் இருக்கிறது. வேலைபார்ப்பவர்களுக்கு ஊழியர் எண் உண்டு, அதில் செலவுப் பணத்தைப் போட்டுவிடுவார்கள். வெளியாளுக்கு அந்த எண் கிடையாது. அக்கவுன்ட்ஸ் பிரிவில் அவருடைய பெயரையும் வங்கி விவரத்தையும் கணினியில் புதிதாக ஏற்றி, மேலதிகாரி ஒப்புதல் வாங்கி, பிறகுதான் பணம் போகும். சில வாரங்கள் ஆவது சாதாரணம். சொன்ன காலம் தாண்டியும் வராவிட்டால், அதே மெயிலின் தொடர்ச்சியாக, `படிவத்தின் நிலையைத் தெரிவிக்க முடியுமா? கூடுதலாக ஏதாவது ஆவணம் தேவையா?' என்று கேட்கலாம். பெரும்பாலும் ஏதாவது ஒரு பில் குறைந்திருக்கும், அல்லது ஐ.எஃப்.எஸ்.சி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகும் பதில் இல்லை என்றால், ஹெச்.ஆர் மேலாளருக்கும் நகல் போட்டு ஒரு மெயில் அனுப்பலாம். அதற்கும் பதில் வராவிட்டால், ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்காக வழக்குப் போடுவது வரவைவிடச் செலவு அதிகமான காரியம். ஆனால், தானே எழுத்தில் கொடுத்த சின்ன வாக்கைக்கூடக் காப்பாற்றாத கம்பெனி எப்படிப்பட்டது என்பது வேலையில் சேரும் முன்பே தெரிந்துவிடுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஐம்பது ரூபாய் அதிகம் கிடைக்குமே என்று பில்லைத் திருத்துவதோ, போகாத டாக்ஸிக்குப் பில் வைப்பதோ கூடவே கூடாது. ரத்து செய்த டிக்கெட்டை நகல் எடுத்துக் கொடுத்தாலும், பி.என்.ஆர், தேதி, கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளலாம். தேர்வானவருக்கு வந்திருக்க வேண்டிய வேலை உத்தரவே இதனால் நின்றுபோகும்.

உள்ளூர்க்காரர்களுக்கு?

ஆவடியில் வீடு, சிறுசேரியில் இன்டர்வியூ என்றால் போய் வரவே அரை நாள் ஆகிவிடும். ஆனாலும் கம்பெனிகள் அதை உள்ளூர்ப் பயணமாகத்தான் கருதும். பயணப்படி பொதுவாக வெளியூர்க்காரர்களுக்குத்தான். அதே ஆவடிப் பெண் புனேவுக்கோ ஹைதராபாத்துக்கோ அழைக்கப்பட்டால் கேட்கலாம். தூரம் அதிகம் என்பதால் சில கம்பெனிகள் தாங்களே டிக்கெட் போட்டுத் தருவதும் உண்டு. அப்போது கேட்க வேண்டியது, தங்குமிடமும் ஏர்போர்ட்டிலிருந்து வரும் செலவும் சேருமா என்பதுதான்.

பணம் கேட்டால் அது பொய்

இந்த விஷயத்திலேயே ஒரு மோசடியும் நடக்கிறது. பெரிய கம்பெனியின் பெயர், முத்திரை எல்லாம் போட்டு மெயில் வரும். `நீங்கள் நேர்முகத் தேர்வுக்குத் தேர்வாகிவிட்டீர்கள். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் எங்கள் செலவு. முன்பணமாகச் சில ஆயிரம் ரூபாய் கட்டுங்கள். இன்டர்வியூ அன்று திருப்பித் தருகிறோம்' என்று இருக்கும். பயணச் செலவைத் தரும் கம்பெனி நம்மிடம் பணம் கேட்காது. பணம் எப்போதும் கம்பெனியிடமிருந்து நம்மிடம்தான் வர வேண்டும்.

அதேபோல, செலவுத் தொகையை அனுப்ப வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி எண்ணும் போதும். ஓ.டி.பி, யு.பி.ஐ பின், ஏ.டி.எம் கார்டு எண் கேட்டாலோ, `பணம் வர இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்றாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் பெறுவதற்கு யாரும் பின் எண் போட வேண்டியதில்லை. தெரியாமல் கட்டிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் யாராவது இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், டிக்கெட் போடும் முன் பெரியவர்கள் ஒன்று கேட்டால் போதும்: ``போக்குவரத்துச் செலவு பத்தி மெயில் வந்துடுச்சாப்பா?''